நாக்கில் சங்கிலி, கழுத்தில் தாம்பு

கேள்வி: வேலூரில் முதுகலை ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். காலனிய மொழியில் எழுதும் ஒரு கவிஞர் தன் அடையாளத்தையும் தாய்மொழியையும் எப்படிக் கையாள்கிறார் என்று கருத்தரங்கக் கட்டுரை வாசிக்க வேண்டும். ஆர். பார்த்தசாரதியை எடுத்திருக்கிறேன். ‘அடையாளச் சிக்கல்’ என்று எழுதியதற்கு மேல் ஒரு வரி நகரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

கவிதையைத் தமிழில் மொழிபெயர்ப்பதிலிருந்து தொடங்குங்கள். அச்சில் போடுவதற்காக அன்று; எந்தச் சொல் தமிழுக்கு வர மறுக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காக. ‘நான் இரண்டு மொழிகளுக்கு நடுவே தவிக்கிறேன்’ என்று கவிஞர் நேராகச் சொல்லும் இடத்தை விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பு முறியும் இடங்களைக் குறித்துக்கொண்டால், அவருக்கும் இரு மொழிகளுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் அங்கேதான் நடந்திருப்பது தெரியும். நானும் வேலூரில் இதே பாடத்தைச் சில ஆண்டுகளாக நடத்துகிறேன். இந்த வழியில் போன மாணவர்களின் கட்டுரைகளே ‘அடையாளச் சிக்கல்’ என்ற சொல்லைத் தாண்டிப் போயிருக்கின்றன.

பின்னணி கொஞ்சம் போதும். பார்த்தசாரதி 1934-இல் திருச்சிக்கு அருகில் திருப்பராய்த்துறையில் பிறந்தவர். 1963-64-இல் இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ‘ரஃப் பாசேஜ்’ என்ற அவருடைய நெடுங்கவிதை 1977-இல் நூலாக வந்தது. அயலில் வாழ்தல், சோதனை, வீடு திரும்புதல் என்று அதற்கு மூன்று பகுதிகள். நீங்கள் மூன்றையும் அலச வேண்டியதில்லை. மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் உள்ள பன்னிரண்டு வரிகள் ஒரு கட்டுரைக்குத் தாராளமாகப் போதும். தமிழை முன்னிலையாக்கிப் பேசும் அவற்றின் பொருளைத் தோராயமாக இப்படிச் சொல்லலாம்: என் நாக்கு ஆங்கிலச் சங்கிலியில் கிடக்க, ஒரு தலைமுறை கழித்து உன்னிடம் திரும்புகிறேன், என் திராவிடத் தாம்புக்கயிற்றின் முனைக்கு வந்துவிட்டேன், உன்மேல் கொண்ட பசி தணியவில்லை, தடுமாறுகிறேன், இடறுகிறேன், குறளில் உறங்கிக் கிடந்ததைப் பிடுங்கி எழுப்பிய களைத்த மொழி ஒன்றைப் பேசுகிறேன், அதன் ஒட்டுநிலைத் தீண்டலுக்கு என் பல்லும் அண்ணமும் உதடும் இன்னும் பழகவில்லை, நீயோ இப்போது சினிமாச் சுருளில் சிக்கி, சொகுசான நடைகூடங்களில் தள்ளாடுகிறாய்.

முதல் வரியிலேயே மொழிபெயர்ப்பு முறிகிறது. ‘டங்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாக்கு என்றும் பொருள், மொழி என்றும் பொருள். தமிழில் ‘நாக்கு’ என்றால் உறுப்பு மட்டுமே. ‘நாநலம்’, ‘நாகாக்க’ என்று வள்ளுவர் சொல்லும்போது நா பேச்சைக் குறிக்கும். ஆனால் எந்த மொழியின் பேச்சு என்ற வேறுபாடு அந்தச் சொல்லில் இல்லை. தாய்மொழி என்கிறோமே தவிர தாய்நா என்று சொல்வதில்லை. ஆகவே சங்கிலியில் கிடப்பது உறுப்பா மொழியா என்ற இரட்டைப் பொருள் ஆங்கிலத்தில்தான் பிறக்க முடியும். தன்னைக் கட்டிய சங்கிலியைப் பற்றிய புகாரை, அந்தச் சங்கிலி தந்த சொல்லைக் கொண்டே அவர் சொல்லியாக வேண்டியிருக்கிறது. கட்டுரையின் மையக் கருத்தை நீங்கள் இங்கே ஊன்றலாம்.

அடுத்தது கயிறு. ஆங்கிலத்தில் ‘டெதரின் முனைக்கு வந்துவிட்டேன்’ என்பது, இனித் தாங்க முடியாது என்று சொல்லும் வழக்குத்தொடர். மாணவர்கள் அகராதியில் அந்தப் பொருளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒரு முறை அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், வீட்டில் மாடு வைத்திருப்பவர், எழுந்து கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்தார். நடுவில் முளைக்குச்சி, அதில் தாம்பு, தாம்பின் மறுமுனையில் மாடு. “கயிறு எட்டும் வரைக்கும் புல்லு மொட்டையாயிடும் சார். வட்டத்துக்கு வெளியே பச்சையா இருக்கும், மாடு கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கும்” என்றார். அடுத்த வரியில் ஏன் பசி வருகிறது என்பது அன்றைக்கு வகுப்பில் எல்லோருக்கும் விளங்கியது. தேய்ந்துபோன ஒரு தொடருக்குள் மறைந்திருந்த மாட்டைக் கவிஞர் எழுப்பி நிறுத்தியிருக்கிறார்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான கட்டுரைகள் ஆங்கிலம் தளை, தமிழ் விடுதலை என்று எழுதிவிடுகின்றன. கவிதையில் கட்டுகள் இரண்டு இருக்கின்றன. நாக்கில் கிடக்கும் சங்கிலி ஆங்கிலத்துடையது. மேய விடாமல் இழுத்துப் பிடிக்கும் தாம்பு திராவிடத்துடையது. அந்தத் தாம்புக்கு அவர் வைத்த பெயரும் ‘தமிழ்’ இல்லை, ‘டிராவிடிக்’. வீட்டுப் பேச்சில் புழங்காத, ஒப்பிலக்கண அறிஞர்களின் நூல்வாடை வீசும் சொல் அது. ‘திராவிட’ என்ற வடசொல்லை ஆங்கிலமாக்கி மொழிக்குடும்பத்தின் பெயராக நிலைநிறுத்தியது கால்டுவெல்லின் 1856-ஆம் ஆண்டு ஒப்பிலக்கணம். வேரைச் சுட்டக் கவிஞர் எடுக்கும் சொல்கூட அந்த அறிவுத்துறை வழியாகவே அவர் கைக்கு வருகிறது. சில வரிகள் தள்ளி வரும் ‘ஒட்டுநிலை’, அதாவது விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் சொல்லைக் கட்டும் இயல்பு, என்பதும் அதே இலக்கணப் புத்தகத்துச் சொல்தான். தாயைத் தொட வந்தவரின் கையில் மொழியியல் கலைச்சொல் இருக்கிறது. எனக்கு இந்தப் பன்னிரண்டு வரிகளில் மிகுந்த துயரம் தருவது இந்த இடம்.

பல், அண்ணம், உதடு என்ற வரிசையில் நின்று நிதானியுங்கள். தொல்காப்பியம் பிறப்பியலில் எழுத்துப் பிறக்கும் உறுப்புகளைச் சொல்லும்போது ‘பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும்’ என்று வரும். கவிதையின் வரிசையில் பல் இருக்கிறது, இதழ் இருக்கிறது, அண்ணம் இருக்கிறது; நா இல்லை. முதல் வரியிலேயே அது சங்கிலியில் போய்விட்டது. இப்போது ‘தமிழ்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். தகரத்துக்கு நாக்கு பல்லைத் தொடுகிறது. மகரத்துக்கு உதடுகள் சேர்கின்றன. ழகரத்துக்கு, ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்று தொல்காப்பியர் சொன்னபடி, நாக்கின் நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடுகிறது. கவிதை எண்ணுகிற அந்த மூன்று இடங்களும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அவற்றில் இரண்டுக்கு நாக்கு வேண்டும். நாக்கு இல்லாத வாயால் அந்தச் சொல்லின் நடு எழுத்தை மட்டுமே சொல்ல முடியும்.

பார்த்தசாரதி தொல்காப்பியத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்குச் சான்று காட்ட உங்களால் முடியாது, கருத்தரங்கில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். ‘தமிழ் இலக்கண மரபை அறிந்த வாசகருக்கு இந்த வரிசையில் ஓர் இடம் காலியாகத் தெரிகிறது’ என்று எழுதுங்கள். அது கவிதையின் சொற்களைக் கொண்டே நிறுவக்கூடிய கூற்று.

மொழிபெயர்ப்பு அடுத்து இடறும் இடம் முன்னிலை. ஆங்கிலத்தின் ‘யூ’வைத் தமிழில் நீ என்பதா, நீங்கள் என்பதா? தெய்வத்தையும் தாயையும் தமிழையும் நீ என்று விளிப்பதே நம் செய்யுள் மரபு. மனோன்மணீயம் வாழ்த்து ‘உன் சீரிளமைத் திறம்வியந்து’ என்றுதான் பாடுகிறது. நீ என்று போட்ட உடனே, ஆங்கில வரியில் இல்லாத ஓர் உரிமையும் நெருக்கமும் கவிதைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. தலைமுறை இடைவெளிக்குப் பின் திரும்புகிறவருக்கு அந்த உரிமை உண்டா என்பதுதானே கவிதை எழுப்பும் கேள்வி? ஆங்கிலம் அந்தக் கேள்வியைத் திறந்தபடி விடுகிறது. தமிழ் உடனே விடை கேட்கிறது. என் வகுப்பில் இதற்கு ஒருமித்த முடிவு ஒரு முறைகூட வந்ததில்லை, அந்த வாதத்தையே கட்டுரையில் வைக்கலாம்.

கடைசியில் வரும் ‘ரீல்’ என்ற சொல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் அது படச்சுருளையும் குறிக்கும், தள்ளாட்டத்தையும் குறிக்கும். சில வரிகளுக்கு முன் தடுமாறியவன் ‘நான்’. இப்போது தள்ளாடுவது ‘நீ’. ஆகவே திரும்பி வருகிற மகன் மட்டும் நிலைகுலைந்திருக்கிறான், தாய் அசையாமல் காத்திருக்கிறாள் என்ற படம் இங்கே இல்லை.

இந்த வாசிப்பின் எல்லையையும் கட்டுரையில் காட்டியாக வேண்டும். தமிழ் களைத்தது என்றும், அது குறளில் உறங்கிக் கிடந்தது என்றும் சொல்வது யார்? வெளியே போய்த் திரும்பியவர். ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளிலும் குடியாத்தம் தறிக்கூடங்களிலும் நாள் முழுவதும் புழங்கும் தமிழுக்கு அந்தக் களைப்பு தெரியாது. கவிதை தமிழைக் குறளாகவும் சினிமாவாகவும் மட்டும் பார்க்கிறது. நடுவில் இருக்கும் பேச்சுமொழி அதன் கண்ணில் படவில்லை. இதைக் குற்றச்சாட்டாக எழுதாமல், கவிதை எங்கே நின்றுகொண்டு பார்க்கிறது என்பதற்கான அடையாளமாக எழுதுங்கள்.

அதோடு, தாய்மொழி ஒன்றுதான் என்று கவிதை எடுத்துக்கொள்கிறது. நம் பகுதியில் அது அவ்வளவு எளிதில்லை. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டோடு இருந்தது. தமிழும் தெலுங்கும் உருதுவும் ஒரே தெருவில் கேட்கும் ஊர்கள் இன்றும் இங்கே உண்டு. குடியாத்தத்திலிருந்து வந்த மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார்: “வீட்ல தெலுங்கு பேசறோம் சார், ஆனா எனக்கு அதை எழுதத் தெரியாது. படிச்சதெல்லாம் தமிழ். இப்ப கட்டுரை இங்கிலீஷ்ல. நான் எந்த ‘யூ’கிட்ட திரும்பறது?” அவர் தன் கட்டுரையின் கடைசி நான்கு பக்கங்களை இந்தக் கேள்விக்கே கொடுத்தார். அவ்வளவு நேர்மையான நான்கு பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை. உங்கள் வீட்டு மொழி எதுவானாலும், அதைக் கட்டுரைக்கு வெளியே நிறுத்தத் தேவையில்லை.

ஒரு பொறி உண்டு, அதில் விழாதீர்கள். பார்த்தசாரதி பின்னர் சிலப்பதிகாரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்; அது 1993-இல் வந்தது. உடனே ‘ஆகவே கவிஞர் தாய்மொழிக்குத் திரும்பிவிட்டார்’ என்று முடித்துவிட ஆசை வரும். அந்த நூலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. சங்கிலியில் கிடந்த அதே நாக்கு இம்முறை இளங்கோவுக்காகப் பேசுகிறது. அதை விடுதலை என்பதா, சங்கிலிக்குக் கண்டுபிடித்த வேறு பயன் என்பதா என்று பன்னிரண்டு வரிகளை வைத்துச் சொல்ல முடியாது. மொழிபெயர்ப்பின் சில பக்கங்களையாவது மூலத்தோடு வைத்து, இதே போல எந்தச் சொல் வர மறுத்தது என்று பார்த்த பிறகே அதைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். நேரம் இல்லையென்றால் அந்த நூலைப் பெயரளவில் குறிப்பிட்டுவிட்டு, கவிதைக்குள்ளேயே நின்றுகொள்ளுங்கள்.