இன்ட்ராடேயில் நஷ்டம்; ஆடிட் வேண்டுமா, எந்தப் படிவம்?

கேள்வி: சார், கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன், கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வருஷச் சம்பளம் 7,80,000 ரூபாய். 2025-26ல் இன்ட்ராடே செய்து 42,000 ரூபாய் போச்சு. புரோக்கரேஜ், எஸ்.டி.டி. எல்லாம் சேர்த்து 18,000 தனி. டெலிவரி எடுத்த பங்கை ஆறு மாசத்தில் விற்றதில் 24,000 லாபம். மொத்தமாக விற்ற தொகை ஒன்றே முக்கால் கோடி காட்டுகிறது. ஒரு கோடி தாண்டினால் ஆடிட் என்கிறார் ரிட்டர்ன் போட்டுத் தருகிறவர். கூட வேலை பார்ப்பவர், ITR-4ல் ஆறு சதவீத லாபம் காட்டி முடித்துவிடு என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரியில்லை. ஆடிட் தேவையில்லை, படிவம் ITR-3.

உங்களைப் பயமுறுத்தியது அந்த ஒன்றே முக்கால் கோடிதான். இன்ட்ராடேயில் பங்கு உங்கள் கணக்குக்கு வந்து சேர்வதே இல்லை, வித்தியாசம் மட்டும்தான் கை மாறுகிறது. அதனால் வருமான வரிச் சட்டம் இதை ஊக வணிகம் என்கிறது, விற்றுமுதலையும் அந்த வித்தியாசத்தை வைத்தே கணக்கிடுகிறோம். ஒரு நாள் 200 பங்கை 450க்கு வாங்கி 456க்கு விற்றீர்கள் என்றால் லாபம் 1,200. மறுநாள் அதே 200 பங்கு, 450க்கு வாங்கி 442.50க்குப் போனது, நஷ்டம் 1,500. விற்ற தொகை 1,79,700 ஆனாலும் விற்றுமுதல் 2,700தான். நஷ்டத்தைக் கழிக்கக் கூடாது, மைனஸ் குறியை எடுத்துவிட்டுக் கூட்ட வேண்டும்.

தரகு நிறுவனத்தின் இணையதளத்தில் Tax P&L என்று ஒரு அறிக்கை கிடைக்கும். அதில் இன்ட்ராடே பகுதியில் லாபம் வந்த வியாபாரங்களைத் தனியாகவும் நஷ்டமானவற்றைத் தனியாகவும் கூட்டுங்கள். உதாரணத்துக்கு லாபம் 2,10,000, நஷ்டம் 2,52,000 என்று வந்தால் நிகரம் நீங்கள் சொன்ன 42,000 நஷ்டம், விற்றுமுதல் 4,62,000. ஆடிட் வரம்பு ஒரு கோடி. ரொக்கமாக வாங்குவதும் கொடுப்பதும் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் பத்துக் கோடி. பங்கு வியாபாரத்தில் எல்லாமே வங்கி வழியாகத்தான் நடக்கிறது, ஆகவே உங்களுக்குப் பத்துக் கோடி. எட்டவே எட்டாத தூரம்.

அப்புறம், 'ஆறு சதவீதத்துக்குக் கீழே காட்டினால் ஆடிட்' என்ற பேச்சையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். 2016-17க்கு முன்பு ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது, அந்தப் பழைய பாடத்தைப் பலர் இன்னும் விடவில்லை. இப்போது அந்த விதி, முன்பு 44AD பிரிவில் உத்தேச லாபம் காட்டிவிட்டு ஐந்து வருஷத்துக்குள் அதிலிருந்து விலகுகிறவர்களுக்குத்தான். நீங்கள் அந்தப் பிரிவுக்குள் போனதே இல்லை.

போகவும் வேண்டாம். நண்பர் சொன்னபடி செய்தால் வராத லாபம் 27,720 ரூபாயை வந்ததாக எழுத வேண்டும், வந்த நஷ்டத்தைக் கைகழுவ வேண்டும். அடுத்த ஐந்து வருஷம் அந்தக் கட்டில் மாட்டியும் இருப்பீர்கள். போதாததற்கு, டெலிவரியில் குறுகிய கால லாபம் இருப்பவர் ITR-4 போடவே முடியாது. வணிக வருமானத்துக்கு இடமில்லாததால் ITR-2வும் ஆகாது.

ITR-3ல் P&L பகுதியில் ஊக வணிகத்துக்குத் தனி இடம் உண்டு. விற்றுமுதல் 4,62,000, மொத்த நஷ்டம் 42,000, செலவு 18,000. எஸ்.டி.டி. வணிக வருமானத்தில் செலவாகக் கழியும். டெலிவரியில் அதைக் கழிக்க முடியாது. நிகர நஷ்டம் 60,000.

இதைச் சம்பளத்திலும் கழிக்க முடியாது, அந்த 24,000 லாபத்திலும் முடியாது. பின்னால் வரும் இன்ட்ராடே லாபத்தில் மட்டும் கழியும், அதுவும் நான்கு வருஷம், அதாவது 2029-30 வரை. எஃப் அண்ட் ஓ பக்கம் போய்ச் சம்பாதித்தால் அதற்கும் உதவாது, சட்டத்தில் அது ஊக வணிகமே இல்லை. எனவே இந்த வருஷ வரி: புதிய முறையில் சம்பளத்துக்குத் தள்ளுபடி போக ஒன்றுமில்லை. 24,000க்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 4,992 ரூபாய் கட்டியாக வேண்டும். பழைய முறைதான் வேண்டும் என்றால், வணிக வருமானம் உள்ளவர் என்பதால் கெடுவுக்குள் Form 10-IEA தனியாகத் தர வேண்டும். உங்கள் சம்பளத்துக்கு அதற்கு அவசியம் தெரியவில்லை.

சமர்ப்பிக்கும் முன் Schedule CFLல் ஊக வணிக நஷ்டம் 60,000 ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், போட்டுத் தருகிறவரை நம்பி விடாதீர்கள். கெடு தேதி தாண்டினால் ரிட்டர்ன் போடலாம், நஷ்டத்தை மட்டும் எடுத்துச் செல்ல முடியாது. பதிவேற்றிய முப்பது நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போட்டுச் சரிபார்த்துவிடுங்கள். அதை விட்டுவிட்டுப் பிறகு சரிபார்த்தால் சரிபார்த்த தேதிதான் தாக்கல் செய்த தேதி. கெடுவுக்குள் போட்ட ரிட்டர்னும் அப்படித் தாமதமானதாகி, 60,000 நஷ்டம் கணக்கிலிருந்தே போய்விடும்.