உலைச் சுவருக்கு எந்த k போடுவது? கேள்வி பதில்

மாணவர்: சார், சுவரின் வெப்பக் கடத்துதிறன் k = 0.20(1 + 0.001T), T செல்சியஸில். உலையின் உள்முகம் 900, வெளிமுகம் 100, சுவரின் கனம் 20 செ.மீ. எந்த T-ஐப் போட்டு k எடுப்பது?

இரண்டு முகங்களின் சராசரி, 500. k = 0.30 வரும். சதுர மீட்டருக்கு வெப்பம் q = 0.30 × 800 / 0.20 = 1200 வாட்.

இதைத் தோராயம் என்று நினைக்க வேண்டாம், சரியான விடையே இதுதான். உலை சூடாகி நிலைத்துவிட்டால் சுவரின் ஒவ்வொரு ஏடு வழியாகவும் ஒரே அளவு வெப்பம்தான் போகும். அதனால் q × கனம் என்பது, k-ஐ T-க்கு எதிராக வரைந்த கோட்டுக்குக் கீழே 100 முதல் 900 வரை உள்ள பரப்பு. கோடு நேராக இருப்பதால் அது ஒரு சரிவகம். ஒரு பக்கம் 0.22, மறுபக்கம் 0.38. சரிவகத்தின் பரப்பு, அகலத்தை நடு உயரத்தால் பெருக்கினால் கிடைத்துவிடும். அந்த நடு உயரம்தான் 0.30.

சிலர் 0.20-ஐயே போட்டுவிடுகிறார்கள். 800 வாட் வரும். மூன்றில் ஒரு பங்கு வெப்பம் கணக்கிலேயே காணாமல் போகும்.

பயிற்சிப் பொறியாளர்: சுவரின் நட்ட நடுவில் 500 டிகிரி இருக்கும், அங்கே உள்ள k-ஐத்தான் எடுக்கிறோம், அப்படித்தானே?

விடை சரி, காரணம் தப்பு. நடுவில் 500 இல்லை, சுமார் 552. சூடான பக்கத்தில் k அதிகம், அதனால் அங்கே அதே வெப்பத்தைத் தள்ள சிறிய இறக்கமே போதும். வெளிப்பக்கம் k குறைவு, இறக்கம் செங்குத்தாகிறது. சுவருக்குள் வெப்பநிலை வளைகோடு மேல்நோக்கிப் புடைக்கும். சுவருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் தெர்மோகப்பிள் வைத்து, அது காட்டும் வெப்பநிலையில் k எடுத்தால் 0.31 வரும். இங்கே 3.5 சதவீதப் பிழைதான், ஆனால் k இன்னும் வேகமாக மாறும் பொருளில் பிழையும் வளரும்.

நீராவிக் குழாய் வேலை பார்ப்பவர்: சுவருக்குச் சரி. குழாய்க்கு இது செல்லாது. பரப்பு மாறுகிறதே, லாக் சராசரி வெப்பநிலைதான் போட வேண்டும். இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன்.

பாதி சரி. லாக் சராசரி பரப்புக்கு வேண்டும், வெப்பநிலைக்கு வேண்டாம். சமன்பாட்டைப் பிரித்து எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம் ஆரமும் பரப்பும் மட்டும் நிற்கும், மறுபக்கம் k-யும் T-யும் மட்டும். k நேர்கோடாக மாறினால், குழாயானாலும் கோளமானாலும் சாதாரண சராசரிதான்.

அவரே: அப்படியென்றால் பாறைக் கம்பளி சுற்றிய எங்கள் குழாயில் கணக்கை விட அதிக இழப்பு வருவது ஏன்?

இது நல்ல கேள்வி. கம்பளியில் இழைகளுக்கு இடையே கதிர்வீச்சாகவும் வெப்பம் போகும். அதனால் சூடு ஏற ஏற k நேர்கோட்டை விட்டு மேலே வளையும். அப்போது சராசரி வெப்பநிலையில் எடுத்த k, உண்மையான சராசரியை விடக் குறைவு. வெப்பநிலை வீச்சைத் துண்டுகளாக வெட்டி, k கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பைக் கூட்டுங்கள். ஆனால் லாக் சராசரி உங்களைக் காப்பாற்றாது. அது எப்போதும் சாதாரண சராசரியை விடக் குறைவு, k-யும் குறையும், இழப்பு இன்னும் சின்னதாகத் தெரியும். உங்கள் பிரச்சினைக்கு நேர் எதிர்த் திசை!

அவரே: யோசிக்கிறேன். ஆனால் இழப்பு முழுவதும் இதனால் என்று நம்பவில்லை.

நானும்தான். ஈரம் ஏறிய கம்பளி, தாங்கிகள், இணைப்பு இடுக்குகள் எல்லாம் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது.

ஒரு ஆசிரியை: T-ஐக் கெல்வினில் போட்டால் என்ன? மாணவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

T-ஐப் பெருக்கும் 0.001, அதாவது β, எந்த அளவில் கொடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். செல்சியஸ் β-வோடு 773 போட்டால் k 0.355 ஆகி, 1200 வாட் 1418 ஆகிவிடும். கெல்வினில்தான் வேண்டும் என்றால் 0.20 என்ற k₀, β இரண்டையும் மாற்றி எழுத வேண்டும்.

வீட்டுக்காரர்: மொட்டை மாடி கான்கிரீட் தளத்துக்கும் இதைப் போடலாமா? மதியம் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை.

அந்த வீச்சில் k மாறுவது பொருட்டே இல்லை. தவிர மாடித் தளத்தின் சூடு நாள் முழுக்க ஏறி இறங்கும், நிலைத்த நிலை கிடையாது. கட்டடக்காரரைக் கேளுங்கள்.

மாணவி: எந்த T-ஐப் போடுவது சார்?

முதல் பதில். β எந்த அளவில் என்றும் பாருங்கள்.

மாணவர்: இரண்டு அடுக்குச் சுவர். நடு இணைப்பின் வெப்பநிலை தெரியாது. சராசரி எப்படி?

ஊகித்துத் தொடங்குங்கள். அதை வைத்து இரு அடுக்குக்கும் k, பிறகு q, அதிலிருந்து புது இணைப்பு வெப்பநிலை. மூன்று நான்கு சுற்றில் பொதுவாக நிலைத்துவிடும். நின்றதும் ஒவ்வொரு அடுக்கிலும் q-ஐத் தனியாகக் கணக்கிடுங்கள். இரண்டும் ஒன்றாக வரவில்லை என்றால் எங்கோ கணக்கில் பிழை இருக்கிறது, அல்லது இன்னும் நிலைக்கவில்லை.