பாலும் மாலையும் உதட்டில் ஒன்றாகத் தெரிவது ஏன்?

“கும்பகோணத்தில் இருக்கிறோம். காது மந்தமான அம்மா உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். ‘பாலை எடுங்க’ என்றால் சாமிக்குப் போடும் மாலையை எடுத்து வருகிறார். நான் தெளிவாகத்தானே சொல்கிறேன்?”

நீங்கள் தெளிவாகச் சொல்வதில் குறையில்லை. அம்மாவின் பார்வையிலும் குறையில்லை. ‘ப’, ‘ம’ இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரி மூடித் திறக்கின்றன. ‘ம’ சொல்லும்போது மட்டும் உள்நாக்குப் பக்கமுள்ள மென்னண்ணம் கீழிறங்கி, மூச்சை மூக்கு வழியே விடுகிறது. அந்த அசைவு வாய்க்குள் நடப்பதால் எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ம்’ என்று நீட்டிப் பாருங்கள், ஒலி உடனே நின்றுவிடும். கண்ணாடியிலோ உதடு மாறியிருக்காது. இப்படிக் கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் ஒலிகளின் தொகுதியை ‘விசீம்’ என்பார்கள். 1968-இல் ஃபிஷர் என்பவர் வைத்த பெயர் அது. ‘பஸ்’ஸில் வரும் அதிர்வுள்ள ‘ப’வும் இதே தொகுதிதான், ஏனெனில் குரல்வளை அதிர்வதும் வெளியே தெரியாது. மாறாக ‘வாழை’யின் ‘வ’வுக்குக் கீழுதடு மேற்பல்லை நெருங்குவதால் அது தனித்துத் தெரியும்.

ஆகவே உரக்கவோ உதட்டை மிகையாக விரித்தோ சொல்வது பயன்தராது, உருவத்தைத்தான் கெடுக்கும். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி நின்று, “காப்பிக்குப் பால் வேணும், அடுப்பிலிருந்து எடுங்க” என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். ‘காப்பி’யும் ‘அடுப்பு’ம் சேர்ந்தால் மாலைக்கு அங்கே இடமிருக்காது.