15-ஐ அழைக்கும்போது சொல்ல வேண்டியவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிஸ் புறநகரில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். விபத்தைத் தொலைபேசியில் அறிவிக்கும் உரையாடல் ஒன்றை மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் ஒப்பிக்க முடிகிறது. ஆனால் உண்மையாகவே ஒருவர் தெருவில் விழுந்து கிடந்தால், எதை முதலில் சொல்வது, எந்தச் சொல்லில் தவறு நேரக்கூடும் என்று தெரியவில்லை. விளக்குவீர்களா?

ஒரு வாசகி, ஒபெர்வில்லியே

அன்புள்ள சகோதரிக்கு,

வகுப்பு உரையாடல்கள் பெரும்பாலும் "என்ன நடந்தது" என்பதில் தொடங்குகின்றன. பிரான்சின் அவசர மருத்துவ உதவி எண்ணான 15-ஐ அழைத்தால் முதலில் பேசுபவர் மருத்துவர் அல்லர். அழைப்பைப் பதிவுசெய்யும் உதவியாளர். இடையில் தொடர்பு அறுந்தாலும் உதவி வந்துசேர வேண்டும் என்பதால், அவர் உங்கள் தொலைபேசி எண்ணையும் நீங்கள் நிற்கும் இடத்தையும் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவார். இடத்தைச் சொல்லும்போது தெருவின் பெயர் மட்டும் போதாது. அவென்யூ ஜான் ஜோரெஸ் உங்கள் ஊரிலும் உண்டு, பாரிஸின் 19ஆம் வட்டாரத்திலும் உண்டு. முன்னது 93ஆம் மாவட்டம், பின்னது 75. இரண்டுக்கும் சாமு எனப்படும் அவசர மருத்துவ மையங்கள் வேறு. ஆகவே ஊர்ப் பெயரைத் தெருப் பெயருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

அந்தத் தெருவில் 76ஆம் எண்ணுக்கு முன், மிதிவண்டியில் வந்த முதியவர் ஒருவரைக் கார் இடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். உரையாடல் இப்படி அமையும்:

– சாமு, பொன்ஜூர். வூ ஸெத் ஊ? (எங்கே இருக்கிறீர்கள்?)

– ஆ ஒபெர்வில்லியே, அவென்யூ ஜான் ஜோரெஸ், நுமேரோ சுவாசாந்த் செஸ், செத், சீஸ், தெவான் லா ஃபார்மசி. (76, ஏழு, ஆறு, மருந்துக்கடைக்கு முன்.)

– கெஸ்கி ஸெ பாஸே? (என்ன நடந்தது?)

– யூன் வாத்யூர் ஆ ரான்வெர்ஸே ஆன் மெஸ்யூ ஆ வேலோ. (மிதிவண்டியில் வந்த ஒருவரைக் கார் இடித்துத் தள்ளிவிட்டது.)

– இல் எ கோன்சியான்? இல் ரெஸ்பிர்? (நினைவோடு இருக்கிறாரா? மூச்சு விடுகிறாரா?)

– உய், மெ இல் ஆ பெர்த்யூ கொனெசான்ஸ். இல் ஸென்ய் த லா தெத். (ஆம், ஆனால் நினைவிழந்திருந்தார். தலையில் இரத்தம் வருகிறது.)

– நெ ராக்ரோஷே பா, ஜெ வூ பாஸ் லெ மெத்சான். (வைத்துவிடாதீர்கள், மருத்துவரிடம் இணைக்கிறேன்.)

எண்ணை இருமுறை சொன்னதற்குக் காரணம் உண்டு. 66 "சுவாசாந்த் சீஸ்", 76 "சுவாசாந்த் செஸ்". பதற்றத்தில், வாகன இரைச்சலுக்கு நடுவே, இரண்டும் ஒன்றாகவே கேட்கும். எண்ணைச் சொன்ன கையோடு அதன் இலக்கங்களைத் தனித்தனியாகவும் சொல்லிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அறிகுறிகளைச் சொல்வதில்தான் தமிழர்களாகிய நாம் அதிகம் தடுமாறுகிறோம். நமக்கு "மயக்கம்" என்பது ஒரே சொல். தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம். பிரெஞ்சில் தலைசுற்றலுக்கு "வெர்த்திஜ்", நினைவிழப்புக்கு "பெர்த் த கொனெசான்ஸ்". முதியவர் விழுந்ததும் ஒரு நிமிடம் அழைத்தும் பதில் சொல்லாமல் கிடந்து, பிறகு கண் திறந்தார் என்றால், அது வெர்த்திஜ் அன்று. தலையில் அடிபட்டவர் நினைவிழந்திருந்தாரா என்பதை வைத்து, மூளைக்குள் காயம் இருக்கக்கூடுமா என்று மருத்துவர் எடைபோடுவார். எந்த வண்டியை, எவ்வளவு விரைவாக அனுப்புவது என்ற முடிவுக்கும் அது வேண்டும்.

இரண்டாவது சொல் இதைவிட ஏமாற்றக்கூடியது. அந்த முதியவர் முனகியபடி "ஜே மால் ஓ கேர்" என்கிறார் என்று கொள்ளுங்கள். "கேர்" என்றால் இதயம் என்று படித்திருப்பதால், அவருக்கு நெஞ்சுவலி என்று நினைத்துவிடுவோம். வழக்கில் அதற்குக் குமட்டுகிறது என்பதே பொருள். நெஞ்சுவலிக்கு அவர்கள் சொல்வது "துலேர் ஆ லா புவாத்ரின்". நினைவிழந்து எழுந்தவருக்குக் குமட்டல் வந்திருக்கிறது என்பது மருத்துவருக்கு முக்கியமான செய்தி. அதை நாம் நெஞ்சுவலியாக மாற்றிச் சொன்னால் அவருடைய கவனம் தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்பிவிடும். அடிபட்டவர் பேசுகிற நிலையில் இருந்தால், அவர் சொன்னதை மொழிபெயர்க்காமல், "இல் தி" (அவர் சொல்கிறார்) என்று தொடங்கி, கேட்டபடியே திருப்பிச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் இணைக்கும் இடைவெளியில் சிறிது நேரம் அமைதி நிலவலாம். மருத்துவரும் சில கேள்விகளைத் திரும்பக் கேட்பார். நம் பிரெஞ்சு புரியாமல் நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்று எண்ணித் தொலைபேசியை வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். புரியவில்லை என்றால் "பார்லே லான்த்மான், சில் வூ ப்ளே" (மெதுவாகப் பேசுங்கள்) என்று கேளுங்கள். "வூ புவே ராக்ரோஷே" (வைத்துவிடலாம்) என்று அவர்கள் சொல்லும்வரை இணைப்பிலேயே இருங்கள்.