"வற் உண்டு" என்று எழுதினால் யார் கட்டுவது?

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்தில் அலுமினிய வேலைத்தளம் வைத்திருக்கிறேன். வற் பதிவு இருக்கிறது. கனடாவில் இருக்கும் ஒருவர் கோண்டாவிலில் கட்டும் வீட்டுக்குக் குசினி பான்ட்ரி கபேட் கேட்டார். வாட்ஸ்அப்பில் "விலை ரூ. 236,000. 18% வற் உண்டு" என்று அனுப்பினேன். தன் அக்காவின் கையில் ஒரு லட்சம் முற்பணம் கொடுத்தனுப்பினார். பொருத்தி முடித்து 278,480க்கு பில் கொடுத்தபோது, ஏமாற்றிவிட்டேன் என்று வேலையாட்களுக்கு முன்னால் அக்கா கத்தினார். தம்பி பேஸ்புக்கிலும் எழுதிவிட்டார். இருபது வருடப் பெயர் போய்விட்டது. மானநஷ்ட வழக்குப் போடலாமா? மீதிக் காசை எப்படி எடுப்பது?

பதில்: கத்தியதையும் பேஸ்புக்கையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவுகள் 2002இல் நீக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியிருப்பது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்கும் வழக்குத்தான். அதில் எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போவது உங்கள் வாட்ஸ்அப் செய்தியை.

முற்பணம் வாங்கிய அன்று அவர் கையில் இருந்த எழுத்து என்ன சொன்னது என்பது ஒன்றுதான் இங்கே சட்டக் கேள்வி. "வற் உண்டு" என்றால் உள்ளே இருக்கிறது என்றும் படிக்கலாம், மேலே வரும் என்றும் படிக்கலாம். இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய வசனத்தை எழுதியவருக்கு எதிராகத்தான் பொருள் கொள்வார்கள். எழுதியவர் நீங்கள், வியாபாரியும் நீங்கள். அந்தச் செய்தியில் இருந்த ஒரே தொகை 236,000. 278,480 என்ற எண்ணை அவர் முதன்முதலாகப் பார்த்தது பொருத்தி முடித்த பிறகு. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அவர் ஒரு முறைப்பாடு கொடுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தை பற்றிய பிரிவை வைத்து உங்களைக் கூப்பிடுவார்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று அங்கே நின்று விளக்கிக்கொண்டிருப்பதைவிட 42,480 ரூபாவை விடுவது மலிவு. சமாதானமாகப் போங்கள்.

ஆனால் எப்படிப் போகிறீர்கள் என்பதில்தான் என் கட்சிக்காரர்கள் பலர் விழுந்திருக்கிறார்கள். சண்டை முற்றியதும் கடையில் வழக்கமாக நடப்பது இதுதான்: பழைய பில்லைக் கிழித்துப் போட்டு, 236,000க்கு புதிய பில் எழுதுவார்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளரே "பில் வேண்டாம், வற்றை விடுங்கோ, காசாகத் தாறன்" என்பார், நீங்களும் தலையாட்டுவீர்கள். இரண்டும் வாடிக்கையாளர் பிரச்சினையை வரிப் பிரச்சினையாக மாற்றிவிடும். பில் புத்தகத்தில் தொடர் இலக்கம் ஒன்று குறையும். கிழித்த பில்லின் படம் கனடாவில் ஒரு கைப்பேசியில் இருக்கும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தைப் பொறுத்தவரை நீங்கள் பில்லில் 42,480 வற் எழுதினீர்கள், ஆகவே அதைக் கட்ட வேண்டியவரும் நீங்கள். பின்னால் வாங்காமல் விட்டேன் என்பதற்குக் கடதாசி வேண்டும்.

அந்தக் கடதாசிதான் கிரெடிட் நோட். பழைய பில்லைத் தொடாதீர்கள், அது புத்தகத்திலேயே இருக்கட்டும். அதன் இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிட்டு, 42,480 ரூபாவுக்கு ஒரு கிரெடிட் நோட் எழுதுங்கள்: பொருளின் பெறுமதியில் 36,000, வற்றில் 6,480. இப்போது கணக்கில் நிற்பது 200,000 பெறுமதி, 36,000 வற், கூட்டினால் 236,000. முற்பணம் போக அவர் தர வேண்டியது 136,000. வற்றில் குறைந்த 6,480ஐ அந்தக் கிரெடிட் நோட்டை வைத்து உங்கள் அறிக்கையில் சரிக்கட்டலாம்.

இங்கே ஒரு கணக்குப் பிழை வழமையாக வரும். 236,000இல் 18 வீதம் எடுத்தால் 42,480, ஆகவே பொருளின் விலை 193,520 என்று எழுதிவிடுவார்கள். வரி உள்ளே இருக்கும் தொகையிலிருந்து வரியைப் பிரிக்கும்போது 18ஆல் பெருக்கி 118ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் 36,000 வரும். பிழையாக எழுதினால் 6,480 ரூபா கூடுதல் வரியை நீங்களே உங்கள் தலையில் எழுதியதாகிவிடும். பில் எழுதும் பிள்ளைக்கு இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

சரி, இனி புதிய ஓடருக்கு விலை சொல்லும் செய்திக்கு வருவோம். பெரிய விளக்கம் வேண்டாம். வாடிக்கையாளர் கடைசியாகக் கையிலிருந்து கொடுக்கப்போகும் தொகை முதலில் வர வேண்டும், பிரிப்பு அதற்குப் பிறகு. இந்த வேலையையே உதாரணமாக வைத்தால், இப்படி அனுப்புங்கள்:

"குசினி பான்ட்ரி கபேட், பொருத்துக் கூலியுடன். நீங்கள் செலுத்த வேண்டிய மொத்தத் தொகை ரூ. 236,000. வற் இதற்குள் அடங்கும். இதற்கு மேல் வற் கேட்கமாட்டோம். பில்லில் இதே தொகையை ரூ. 200,000 (பொருளும் வேலையும்) என்றும் ரூ. 36,000 (18% வற்) என்றும் பிரித்துக் காட்டுவோம். முற்பணம் ரூ. 100,000. மீதி ரூ. 136,000 பொருத்தி முடிக்கும் நாளில். இந்த விலை 14 நாட்களுக்குச் செல்லும்."

பிரிப்பைச் செய்தியிலேயே காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கனடாவின் ஒன்ராறியோவில் கடையில் போட்டிருக்கும் விலைக்கு மேலே வரி சேர்ப்பார்கள். அங்கிருந்து வருபவர் பில்லில் 200,000 என்ற எண்ணைப் பார்த்தால், "உண்மையான விலை இதுதானே, ஏன் 236,000 என்றீர்கள்" என்று இன்னொரு சண்டை தொடங்குவார். முதலே கண்டிருந்தால் அது புதிதாக இருக்காது. 14 நாட்கள் என்ற வரியையும் வெட்ட வேண்டாம். 2024 ஜனவரி 1இல் வற் 15இலிருந்து 18 வீதமாக ஏறியபோது, வரி உட்பட விலை சொல்லிக் காலம் குறிப்பிடாதவர்கள் அந்த மூன்று வீதத்தைக் கைக்காசிலிருந்து கட்டினார்கள்.

வாங்குபவர் ஹோட்டலோ கம்பனியோ, அவருக்கும் வற் இலக்கம் உண்டு என்றால், அவர் தன் வரியிலிருந்து கழிப்பதற்கு முறையான டக்ஸ் இன்வொய்ஸ் வேண்டும். அதில் அவருடைய பெயர், விலாசம், வற் இலக்கம் எல்லாம் வர வேண்டும். ஓடர் எடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அப்புறம், முற்பணமாக வாங்கிய ஒரு லட்சத்துக்குள்ளும் வற் இருக்கிறது, 15,254 ரூபாவும் சில சதமும். வேலை முடியும் வரை அதற்கு வரி இல்லை என்று நினைத்துப் பலகை வாங்கிச் செலவழித்துவிடாதீர்கள். காசு கை மாறிய காலத்துக்கான அறிக்கையில் அது போக வேண்டும்.

கனடாக்காரருக்கு இப்போது அனுப்பும் சமாதானச் செய்தியில் "ஏமாற்றியதற்கு மன்னிக்கவும்" போன்ற எதுவும் வேண்டாம். "எங்கள் முதல் செய்தி தெளிவாக இல்லாதபடியால் மொத்தத் தொகையை ரூ. 236,000 ஆக வைத்துக்கொள்கிறோம். கிரெடிட் நோட் இணைத்துள்ளோம். மீதி ரூ. 136,000 கிடைத்ததும் இந்த வேலை தொடர்பான கொடுக்கல் வாங்கல் இரு தரப்புக்கும் முடிந்ததாக ஏற்றுக்கொள்கிறோம்" என்று எழுதி, அவரிடமிருந்து "சம்மதம்" என்ற பதிலை எழுத்தில் எடுங்கள். அக்காவிடம் வாய்ச்சொல்லில் வாங்கினால் போதாது, ஓடர் தந்தவர் தம்பி. பேஸ்புக் பதிவை எடுக்கும்படி அதே செய்தியில் கேட்க வேண்டாம். காசு வந்த பிறகு தனியாகக் கேளுங்கள்.