4,800 டொலர் என்று எழுதினால் வரி உள்ளேயா, வெளியேயா?

"அண்ணா, ஸ்காபரோவில் சொந்தமாகப் பெயின்ற் வேலை தொடங்கியிருக்கிறேன். ஒரு வீட்டுக்கு ஈமெயிலில் 4,800 டொலர் என்று விலை அனுப்பினேன். முடிந்ததும் எச்எஸ்டி என்ற விற்பனை வரியைச் சேர்த்து பில் கொடுத்தால், 'சொன்ன விலை 4,800 தானே' என்கிறார் வீட்டுக்காரர். இனி கொட்டேஷனை எப்படி எழுதுவது?"

தம்பி, அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய எண்ணை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஒன்ராறியோவில் எச்எஸ்டி 13 வீதம். வரி வெளியே என்றால் 624 டொலர் சேர்ந்து 5,424 ஆகும். உள்ளே என்றால் 4,800ஐ 1.13 ஆல் பிரிக்க வேண்டும்: உங்களுக்கு 4,247.79, அரசுக்கு 552.21. எச்எஸ்டி பதிவு இருக்கிறவர் அந்த வரியை வாங்க மறந்தாலும் அரசுக்குக் கட்டித்தான் ஆகவேண்டும். ஆகவே வாய் திறக்காமல் விட்டதற்கு உங்கள் கூலியில் இருந்துதான் போகும்.

இங்கே பலர் ஈமெயிலின் அடியில் "பொருந்தும் வரிகள் தனி" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அது எனக்குப் பிடிக்காது. வீட்டுக்காரர் பார்ப்பது மேலே இருக்கிற பெரிய எண்ணைத்தான். கடைக்காரர், அலுவலகக்காரர் என்றால் கட்டிய எச்எஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு வரிக்கு முந்தைய விலைதான் முக்கியம். வீட்டுக்காரருக்குக் கையில் இருந்து போகிற மொத்தம்தான் கணக்கு. இருவருக்கும் பொருந்த மூன்று எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள்:

வேலையும் பெயின்றும்: 4,800.00
எச்எஸ்டி 13%: 624.00
நீங்கள் கட்டவேண்டிய மொத்தம்: 5,424.00 கனேடிய டொலர்

அதற்குக் கீழே உங்கள் எச்எஸ்டி எண், அதாவது ஒன்பது இலக்கமும் பின்னால் RT0001 என்பதும். கொட்டேஷனில் அது கட்டாயம் இல்லை, 100 டொலரும் அதற்கு மேலும் உள்ள பில்லில் கட்டாயம். ஆனால் கொட்டேஷனிலேயே போட்டால் வரி கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டா என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்னும் பதியவில்லை என்றால் கதை வேறு. தொடர்ந்து வரும் நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டொலரைத் தாண்டாத வரை பதிவது உங்கள் விருப்பம். பதியாதவர் எச்எஸ்டி என்று ஒரு சதமும் வாங்கக்கூடாது. அப்போது "நான் எச்எஸ்டிக்குப் பதியவில்லை, இந்த விலையில் வரி இல்லை, மொத்தம் 4,800" என்று வெளிப்படையாக எழுதுங்கள். எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தால், பில் போடும் நாளில் பதிந்திருந்தால் 13 வீதம் சேரும் என்ற வரியும் வேண்டும். பெயின்ற் வேலையில் கோடைகாலம் மட்டுமே அந்த எல்லையைத் தாண்ட வைத்துவிடும்.

"காசாத் தந்தால் வரி இல்லாமல் செய்வீங்களா" என்று நம்மவர்களே கேட்பார்கள். அதற்கு "ஓம்" என்று ஈமெயிலில் மட்டுமல்ல, வாயாலும் சொல்லாதீர்கள். விலை ஒன்றுதான்.

காலக்கெடுவுக்கு "30 நாட்கள்" என்று எழுதுவது அரைகுறை. எந்த நாளில் இருந்து? நீங்கள் அனுப்பிய நாளா, அவர் திறந்து பார்த்த நாளா, இடையில் நீங்கள் திருத்தி அனுப்பிய நாளா? திகதியைப் போடுங்கள்: "இந்த விலை ஜூன் 16 மாலை 5 மணி வரை." கூடவே எது சம்மதம் என்றும் சொல்லுங்கள். "சரி, யோசிக்கிறோம், நல்லா இருக்கு" என்பதெல்லாம் சம்மதம் இல்லை. "இந்த ஈமெயிலுக்கு ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் எழுதி, 1,000 டொலர் முற்பணம் அனுப்பினால் ஒப்பந்தம்" என்று இருந்தால் குழப்பம் வராது. அந்த முற்பணம் 5,424க்குள் அடங்கியது என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

இதில் பலர் விடுகிற ஓட்டை ஒன்று உண்டு. கடைசி நாளில் ஏற்றுக்கொண்டு, "ஒக்டோபரில் வாங்கோ" என்பார்கள். அதற்குள் பெயின்ற் விலை ஏறியிருக்கும், உங்கள் ஆட்களும் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். அதனால் இரண்டு திகதிகள் வேண்டும்: ஏற்றுக்கொள்ளக் கடைசி நாள் ஜூன் 16, வேலை தொடங்கக் கடைசி நாள் ஜூலை 31. அதற்குப் பிறகு தொடங்குவதென்றால் புது விலை.

உண்மையான சண்டை வருவது எதெல்லாம் சேரவில்லை என்பதில்தான். "மூன்று படுக்கையறை, ஹோல், படிக்கட்டுச் சுவர்" என்று நீங்கள் எழுதும்போது உங்கள் மனதில் சுவர் மட்டும் இருக்கும். அவர் மனதில் கூரை, கதவு, ஜன்னல் சட்டம், சுவரடிப் பலகை, அலுமாரியின் உட்பக்கம் எல்லாம் இருக்கும். முதலில் சேர்ந்ததை எண்ணிக்கையோடு எழுதுங்கள்: சுவர் மட்டும், இரண்டு பூச்சு, ஒரே நிறம், ஆணி ஓட்டைகளும் மயிரிழை வெடிப்புகளும் அடைத்து. பிறகு அந்த அறைக்குள் நின்று பார்க்கிற ஒருவர் "இதுவும் சேர்ந்ததுதானே" என்று நினைக்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்குங்கள். "மற்றவை தனி" என்ற பொதுச்சொல் யாரையும் காப்பாற்றாது.

விலக்கினால் மட்டும் போதாது, அது தேவைப்பட்டால் என்ன நடக்கும் என்பதும் பக்கத்திலேயே இருக்கவேண்டும். உதாரணமாக: "உள்ளங்கையை விடப் பெரிய ஓட்டை, தண்ணீர் பட்டு ஊறிய சுவர், பெயின்றுக்குக் கீழே ஒளிந்திருக்கும் வால்பேப்பர் இந்த விலையில் இல்லை. கண்டால் படம் எடுத்து அனுப்புவேன். மணிக்கு 60 டொலர், எச்எஸ்டியோடு 67.80. நீங்கள் ஈமெயிலில் சம்மதித்த பிறகே தொடங்குவேன்." சுவருக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது, அதனால்தான் இந்த வரி. வீட்டின் வயதையும் கேளுங்கள். 1960க்கு முன் கட்டிய வீட்டுப் பழைய பெயின்றில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். 1990க்கு முந்தைய வீடுகளின் சொரசொரப்பான கூரைப்பூச்சில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பரிசோதனையும் அகற்றுவதும் விலையில் இல்லை, சந்தேகம் வந்தால் சுரண்டாமல் வேலையை நிறுத்துவேன் என்று எழுதுங்கள்.

ஈமெயிலின் தலைப்பில் "எஸ்டிமேற்" என்று போடுவதா, "நிலையான விலை" என்று போடுவதா என்பதையும் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எஸ்டிமேற் இருந்தால் அதற்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக வாங்கமுடியாது. அந்த இடைவெளியை இலவசமாகக் கிடைத்த உரிமை என்று பார்க்காதீர்கள். 4,800 சொல்லிவிட்டு 5,280 பில் கொடுத்தால் சட்டத்துக்குள் இருக்கலாம், ஆனால் அந்த வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்கு உங்களைச் சொல்லமாட்டார். நான் வீட்டு வேலைக்கு நிலையான விலையே எழுதுவேன். கூடுதல் வேலை வந்தால் இருவரும் எழுத்தில் சம்மதித்து விலையைத் திருத்துவோம்.

பேரம் வந்தால்? "4,500க்குச் செய்வீங்களா" என்று கேட்டால் பழைய ஈமெயிலின் கீழேயே "ஓம்" என்று எழுதிவிடாதீர்கள். எதைக் குறைக்கிறீர்கள் என்று முடிவெடுங்கள், படிக்கட்டுச் சுவரை எடுத்துவிடலாம். பிறகு புது எண், புதுத் திகதியோடு வேறொரு கொட்டேஷன் அனுப்புங்கள்: 4,500, எச்எஸ்டி 585, மொத்தம் 5,085. முதல் வரியில், "ஜூன் 2இல் அனுப்பியது இனிச் செல்லாது, இது மட்டுமே செல்லும்."