பின்னணி நகரும்போது கால் ஏன் வழுக்குகிறது?

“டப்லெட்டில் பிரேம் பிரேமாக நடை வரைகிறேன். நின்ற இடத்தில் நடக்கும்போது சரியாகத் தெரிகிறது. பின்னணியை நகர்த்தியதும் கால் வழுக்குகிறது. கோடுகளும் நடுங்குகின்றன. என்ன பிழை?”

நீங்கள் வினாடிக்கு 24 பிரேம் வேகத்தில், ஒவ்வொரு படத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கிளிநொச்சியில் தனியாகவே இதைப் பழகிய எனக்கும் இதே பிழை நேர்ந்தது. இடுப்பில் தண்ணீர்க் குடத்துடன் அம்மம்மா ஒருவர் இரணைமடுக் குளக்கட்டில் நடந்துபோகும் காட்சி அது. பாரம் சுமந்த முதிய நடை என்பதால் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது எட்டுப் படம் என்று வைத்தேன். 1ஆம் படத்தில் குதி நிலத்தைத் தொடும். 3இல் பாரம் இறங்கி உடல் மிகத் தாழும். 5இல் மற்றக் கால் கடந்து செல்லும். 7இல் உடல் உயரும். 9இல் மற்றக் குதி தொடும்.

வேலையைக் கொடுத்தவர்கள் “கால் நிலத்தைப் பிடிக்கவில்லை” என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினார்கள். காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை என்பது இன்றும் எனக்கு மனக்குறைதான்.

முன்பின் படங்களை மங்கலாகக் காட்டும் ஒனியன் ஸ்கின்னைப் போட்டு ஊன்றிய பாதத்தைப் படம் படமாகப் பார்த்தபோதுதான் விளங்கியது. கையை அசைப்பதைப் போலவே பாதத்தையும் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடித்திருந்தேன். நிலம் ஒரே வேகத்தில் பின்செல்கையில் ஊன்றிய பாதமும் அதே வேகத்தில் பின்செல்ல வேண்டும். அடியின் நீளம் 160 பிக்சல் என்றால், எட்டு இடைவெளிக்கும் 20 பிக்சல் வீதம் தனி லேயரில் புள்ளி வைத்து, பாதத்தை அந்தப் புள்ளிகளிலேயே நிறுத்தினேன்.

அதன் பிறகும் ஒரு சிறு துடிப்பு எஞ்சியது. பாதம் இரண்டு பிரேம் அசையாமல் நிற்க, பின்னணியோ ஒவ்வொரு பிரேமிலும் 10 பிக்சல் நகர்ந்துகொண்டிருந்தது. பின்னணியையும் இரண்டு பிரேமுக்கு ஒருமுறை 20 பிக்சல் நகர்த்தியதும் கால் நிலத்தில் ஊன்றியது. பின்னணி வழவழப்பாக ஓட வேண்டும் என்போர் உண்டு. அவர்கள் நடையையும் பிரேமுக்கு ஒரு படமாக வரைய வேண்டியிருக்கும், வேலை இரட்டிப்பாகும்.

கோட்டு நடுக்கத்துக்குக் கையை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தின் மேல் வைத்துச் சுத்தமான கோடாகத் துலக்கியதால் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போயின. இரண்டு அடி சேர்ந்த சுழற்சியின் கடைசியான 16ஆம் படத்தில் குடத்தின் வாய் அகன்று, சுழற்சி மீண்டும் 1க்கு வந்ததும் சட்டென்று சுருங்கியது. இப்போது 5, 9, 13 ஆகியவற்றை முதற்படத்துடன் நேரடியாக ஒப்பிட்டுத் துலக்கிய பின்னரே இடைப்படங்களுக்குப் போகிறேன். குடத்தைத் தனி லேயரில் ஒருமுறை மட்டும் வரைந்து, ஒவ்வொரு படத்துக்கும் அந்த மூலத்திலிருந்தே பிரதி எடுக்கிறேன். பிரதியையே மீண்டும் திருப்பிச் சாய்த்தால் கோடு மங்கிவிடுகிறது.